காதுகுத்து விருந்துக்கு எத்தனை கலோரி எழுதுவது?

கேள்வி: "வயது 34, உயரம் 172 செ.மீ., எடை 81 கிலோ. மூன்று மாதமாக தினமும் 1,900 கலோரிக்குள் அளந்து சாப்பிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓமலூர் பக்கம் மாமா வீட்டுக் காதுகுத்து. மட்டன் பிரியாணி ஒரு தடவை முழுசா, மறுபடி பாதி. சிக்கன் 65 ஐந்து பீஸ், முட்டை, கத்திரிக்காய் கிரேவி, தயிர்ப் பச்சடி, பிரெட் அல்வா, கடைசியில் கொஞ்சம் ரசம் சாதம், ஐஸ்கிரீம், பீடா. எதையும் அளக்கவில்லை. மாமாவிடம் கேட்டேன், 400 பேருக்கு 50 கிலோ அரிசி, 50 கிலோ கறி போட்டார்களாம். மறுநாள் காலை எடை 1.6 கிலோ ஏறியிருக்கிறது. நண்பன் 5,000 என்று எழுதச் சொல்கிறான். அதிகபட்சம் எவ்வளவு போட்டால் நியாயமாக இருக்கும்?"

2,700 என்று எழுதிவிட்டு அடுத்த நாள் கணக்குக்குப் போய்விடுங்கள். நீங்கள் உண்மையில் சாப்பிட்டது 2,000க்கும் 2,500க்கும் இடையில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 2,700ஐத் தாண்டியிருக்கலாம், ஆனால் அதற்கு வாய்ப்பு குறைவு. 3,000ஐத் தாண்டியிருந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். சேலத்தில் உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். சித்தப்பா கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். அதனால் இந்தக் கேள்வியை இலைப் பக்கத்திலிருந்தும் அண்டாப் பக்கத்திலிருந்தும் பார்த்துப் பழக்கம். உங்கள் விஷயத்தில் அண்டாப் பக்கத்திலிருந்து வருவதுதான் சுலபம், ஏனென்றால் மாமாவிடம் நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

ஆப்பில் 'மட்டன் பிரியாணி, ஒரு பிளேட்' என்று தேடினால் 400 என்று ஒன்று வரும், 1,200 என்று ஒன்று வரும். அந்தப் பிளேட் எவ்வளவு பெரியது, சமைத்தவர் கை எப்படி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அண்டாவுக்குள் போன பொருளை எண்ணிவிட்டு இலைகளால் வகுத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெந்த சாதம் எத்தனை கிராம் என்று தெரிய வேண்டாம், தண்ணீருக்குக் கலோரி கிடையாது. அரிசி, கறி, எண்ணெய், நெய் இவை நான்கும் தெரிந்தால் பிரியாணி முழுசும் தெரிந்த மாதிரிதான். மசாலா, புதினா, மல்லித்தழை எல்லாம் வாசனைக்கு, கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

50 கிலோவை 400 பேருக்கு வகுத்தால் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. இது வழக்கமான அளவுதான். சித்தப்பா லிஸ்ட் போடும்போது, "கிலோவுக்கு எட்டு இலை வைப்பா, எல்லாரும் சொந்தக்காரங்கன்னா ஏழுன்னு வை" என்பார். ஆகவே ஒரு கிலோ அரிசிக்கு மட்டும் கணக்குப் போடுவோம். சீரக சம்பாவோ பாசுமதியோ, பச்சையாக ஒரு கிலோ சுமார் 3,500 கலோரி. ஒரு கிலோ கறியில் எலும்பு போக முக்கால் கிலோ சதை என்று வைத்து, கொழுப்புள்ள கறி என்று தாராளமாக 100 கிராமுக்கு 200 போட்டால் 1,500. எண்ணெய் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண பிரியாணியில் கிலோவுக்கு 200 முதல் 250 மில்லி எண்ணெயும், அதன்மேல் 50 முதல் 100 கிராம் நெய்யோ டால்டாவோ போடுவார்கள். நமக்கு வேண்டியது மேல்வரம்பு என்பதால் பெரிய எண்களையே எடுப்போம்: எண்ணெய் 250 மில்லி என்றால் 2,100 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு, நெய் 100 கிராம் 900. டால்டாவாக இருந்தாலும் அதே கதைதான், கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9. வெங்காயம், தக்காளி, தயிர் மூன்றுக்கும் சேர்த்து 400. மொத்தம் 8,400. எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 1,050.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணெயும் நெய்யும். எடையில் பார்த்தால் அண்டாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கலோரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நிற்கிறது. பிரியாணிக் கணக்கு தப்பினால் பெரும்பாலும் இங்கேதான் தப்பும். மாஸ்டர் எண்ணெயை மில்லி கணக்கில் ஊற்றுவதில்லை. டின்னைச் சாய்த்துப் பிடித்து, வெங்காயம் மூழ்கும் அளவு பார்த்து நிறுத்துவார். ஆனால் வீட்டுக்காரர் எத்தனை லிட்டர் வாங்கிக் கொடுத்தார் என்பது லிஸ்ட்டில் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ மளிகை எடுத்த பில் மாமா வீட்டில் இன்னும் கிடக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பில்லில் உள்ள எண்ணெய் முழுவதையும் 400ஆல் வகுத்துவிடாதீர்கள். சிக்கன் 65 பொரிக்க வாணலியில் ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி விருந்து முடிந்ததும் வடிகட்டி மறுபடி டின்னுக்கே போகும். அது யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை. தாளிப்பு எண்ணெய் மட்டும்தான் இலையோடு வகுபடும். ஆகவே பொரிக்க எவ்வளவு, தாளிக்க எவ்வளவு என்று மாமாவிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் சாப்பிட்டது எத்தனை பங்கு? ஒரு கிலோ அரிசி வெந்து, கறியும் வெங்காயமும் சேர்ந்து இறக்கும்போது நாலு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆக ஒரு பங்கு என்பது அரைக்கிலோ. பந்தியில் முதல் தடவை போடுவது அவ்வளவு இருக்காது, 300 அல்லது 350 கிராம் இருக்கும். 'முழுசா ஒன்று, மறுபடி பாதி' என்று நீங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு பங்குதான் வருகிறது. அதோடு விட எனக்கு மனசில்லை. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் கேட்காமலே ஒரு கரண்டி விழும், 'பாதி' என்று நாம் நினைவு வைத்திருப்பது முக்காலாக இருக்கும். இன்னொன்று, அந்த 400 பேரில் குழந்தைகள் உண்டு, அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் உண்டு. அவர்கள் விட்டதைப் பெரியவர்கள் சாப்பிட்டிருப்பார்கள். அதனால் மேல்வரம்புக்கு ஒன்றரைப் பங்கு வைக்கிறேன். 1,050ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1,575, ரவுண்டாக 1,600. முக்கால் கிலோ பிரியாணி என்பது நன்றாகச் சாப்பிடும் ஆளுக்கே நிறைவான அளவு.

எதிர்ப்பக்கம் இழுக்கும் விஷயமும் ஒன்று உண்டு. 400 பேருக்குச் சமைத்தார்கள் என்பது வேறு, 400 இலை விழுந்ததா என்பது வேறு. மிச்சம் இருந்து பாத்திரம் பாத்திரமாகச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள் என்றால், ஒருவர் பங்கு நான் போட்டதைவிடக் குறையும். மாறாக, கடைசிப் பந்திக்குப் பிரியாணி பத்தாமல் வெள்ளைச் சாதம் வடித்தார்கள் என்றால் முதல் பந்திக்காரர்கள் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றரைப் பங்கில் இந்தச் சந்தேகத்துக்கும் இடம் இருக்கிறது.

மற்ற அயிட்டங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சிக்கன் 65 எலும்பில்லாத ஐந்து சின்னத் துண்டு என்றால் 280 கலோரி சுமார், முட்டை 75, ஒரு கரண்டி பிரெட் அல்வா 240, கத்திரிக்காய் கிரேவி 100, தயிர்ப் பச்சடி 40, ரசம் சாதம் 150, கப் ஐஸ்கிரீம் 110, இனிப்பு பீடா 40. கூட்டினால் 1,035. இவை நடு மதிப்புகள். ஒவ்வொன்றிலும் சந்தேகம் உண்டு, ஆனால் சின்னச் சின்ன சந்தேகம். கொஞ்சம் பார்க்க வேண்டியது பிரெட் அல்வா மட்டும்தான். பிரெட்டை எண்ணெயிலோ நெய்யிலோ பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, மேலே இன்னும் நெய் ஊற்றுகிற பண்டம் அது. சின்னக் கரண்டியில் நிறைய அடங்கிவிடும். இரண்டு கரண்டி வாங்கியிருந்தால் இன்னொரு 240 சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். மேல்வரம்பு வேண்டும் என்பதற்காக எல்லா அயிட்டத்துக்கும் உச்ச எண்ணைப் போட்டுக் கூட்டுவார்கள். உங்கள் இலைக்கு அப்படிச் செய்தால் 2,900 வரும். ஆனால் பிரியாணி மாஸ்டர் எண்ணெயை அதிகம் ஊற்றி, அதே நாளில் சிக்கன் துண்டும் பெரிசாக விழுந்து, அல்வாக் கரண்டியும் பெரிசாக இருந்து, ரசம் சாதமும் கூடுதலாக விழுந்து, எல்லாமே ஒரே இலையில் நடப்பது அபூர்வம். ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அதனால் என் வழக்கம் இதுதான்: இலையில் எது பெரிய அயிட்டமோ, எதில் சந்தேகம் அதிகமோ, அதை மட்டும் உச்சத்தில் வைப்பேன். மற்றதை நடுவில் விட்டுவிடுவேன். உங்களுக்குப் பிரியாணி 1,600, மற்றவை 1,035, கூட்டினால் 2,635. ஒரே எண்ணெய் டின்னும் ஒரே கையும்தான் கிரேவிக்கும் போயிருக்கும் என்பதற்காகக் கொஞ்சம் சேர்த்து 2,700. பிரியாணியையும் நடு மதிப்பில், அதாவது எண்ணெய் 200 மில்லி, நெய் 50 கிராம், கொழுப்பு குறைந்த கறி, ஒன்றேகால் பங்கு என்று வைத்தால் மொத்தம் 2,150க்குப் பக்கத்தில் வருகிறது. உண்மை அதைச் சுற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இந்த எண்ணை வேறு பக்கத்திலிருந்து சோதிக்க முடியுமா? முடியும், வயிற்றை வைத்து. நீங்கள் சொன்ன சாப்பாட்டின் எடை, எலும்பைத் தள்ளிவிட்டால், அதிகபட்சம் ஒன்றரைக் கிலோவுக்கு உள்ளே வரும். பிரியாணி கிராமுக்கு 2 கலோரிக்குக் கொஞ்சம் மேல், ரசம் சாதமும் பச்சடியும் 1க்குப் பக்கத்தில், அல்வா 3க்கு மேல். எல்லாம் கலந்தால் இந்த மாதிரி அசைவ விருந்து கிராமுக்கு 2ஐ ஒட்டித்தான் நிற்கும். 1.4 கிலோவை 1.9ஆல் பெருக்கினால் 2,660. இது வேறு வழியில் வந்த எண் என்றாலும் முழுக்கத் தனியான சாட்சி இல்லை, எடையையும் நான்தான் ஊகித்தேன். ஆனால் நண்பர் சொன்ன 5,000ஐ இதில் வைத்துப் பாருங்கள். அந்த அளவுக்குப் போக இரண்டரைக் கிலோ சாப்பாடு உள்ளே போயிருக்க வேண்டும். பிரியாணி மட்டும் என்றால் ஐந்து பேர் பங்கு.

இதற்கு வெளியிலிருந்து ஒரு ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 22 முதல் 37 வயதுக்குள் இருந்த ஆரோக்கியமான 14 ஆண்களுக்கு பீட்சா கொடுத்தார்கள். ஒரு நாள் வயிறு நிறைந்தது என்று தோன்றும்வரை சாப்பிடச் சொன்னார்கள், இன்னொரு நாள் இதற்குமேல் ஒரு வாய்கூட முடியாது என்னும்வரை. முதல் நாள் சராசரி சுமார் 1,500 கலோரி, இரண்டாவது நாள் அதைப்போல இரு மடங்கு, 3,000ஐத் தொட்டது. பீட்சா பிரியாணியைவிடக் கிராமுக்குக் கலோரி அதிகமுள்ள பண்டம். ஆக உங்கள் வயதுக்காரர் ஒரே உட்காரலில் முடியாத அளவுக்குச் சாப்பிட்டாலே சராசரியாக 3,000தான் வருகிறது. 14 பேர்தான், எல்லோரும் ஆண்கள், உணவும் வேறு, எனவே இதை அளவுகோலாகவே பிடித்துக்கொள்ளக் கூடாது. சிலர் சராசரியைவிட நிறையவே அதிகம் சாப்பிட்டார்கள் என்பதும் அதில் உண்டு. ஆனாலும் கைகழுவும்போது 'நன்றாகச் சாப்பிட்டோம்' என்று இருந்ததா, 'உட்காரவே முடியவில்லை' என்று இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது என்றால் 2,700 தாராளம். இரண்டாவது என்றால் 3,000 என்று போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எடை இயந்திரம் காட்டிய 1.6 கிலோதான் உங்களைக் கலங்கடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது கொழுப்பாக இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 1.6 கிலோ என்றால், அன்றைய உடல் தேவைக்கு மேல் 12,000 கலோரிக்கு அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். நண்பர் சொல்லும் 5,000கூட அதில் பாதி கிடையாது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். விருந்துச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மூன்று மாதம் குறைவாகச் சாப்பிட்ட உடம்பில் மாவுச்சத்துச் சேமிப்பு குறைந்திருக்கும். அது தசையிலும் ஈரலிலும் திரும்ப நிரம்பும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். அதோடு, முந்தின நாள் சாப்பிட்டது இன்னும் குடலை விட்டே போயிருக்காது. சாதாரணமாகச் சாப்பிட்டுவந்தால் மூன்று நான்கு நாளில் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும். மறுநாள் எடையிலிருந்து முந்தின நாள் கலோரியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.

2,700 எழுதினால் உங்கள் வாரம் என்ன ஆகிறது? உங்கள் வயது, உயரம், எடைக்கு, அலுவலக வேலை என்று வைத்தால், நாளைக்கு 2,450 சுமார் செலவாகும். இது வாய்ப்பாட்டில் வரும் எண், நூறு இருநூறு முன்பின் இருக்கும். 1,900 சாப்பிடும் நாளில் 550 மிச்சம், ஆறு நாளில் 3,300. ஞாயிறு காலை இட்லியும் ராத்திரி மோரும் 400 என்று சேர்த்தால் அன்றைய மொத்தம் 3,100, தேவையைவிட 650 அதிகம். கழித்தால் வாரக் கடைசியில் இன்னும் 2,650 மிச்சம் நிற்கிறது. வழக்கமாக அரைக்கிலோ குறையும் வாரத்தில் முந்நூற்றைம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். இதுவே 5,000 என்று எழுதியிருந்தால் மிச்சம் வெறும் 350 ஆகிவிடும். 'ஒரு வாரம் போச்சு' என்று திங்கள் முழுக்கப் பட்டினி கிடந்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நான்கு செட் உள்ளே தள்ளுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மேல்வரம்பு அளவுக்கு மீறிப் பெரிசாக இருந்தாலும் ஆபத்துதான்.

எண் மறுபக்கம் தப்பவும் வழி உண்டு, அதற்குக் காரணம் பெரும்பாலும் இலை அல்ல. கேள்வியில் எழுதாமல் விட்டவை. காலையில் மண்டபத்தில் சூடாகப் போட்ட வடை, நடுவில் கொடுத்த கலர், சாயங்காலம் கையில் திணித்த லட்டு, இவை எல்லாம் தனித்தனியாகச் சேர வேண்டும். ஒரு லட்டு, 50 கிராம் இருந்தால், 200ஐத் தாண்டும். மண்டபத்துக்குப் பின்பக்கம் போய் வந்தீர்கள் என்றால் அதுவும் கணக்குத்தான். ஒரு குவார்ட்டர் விஸ்கி அல்லது பிராந்தி, அதாவது 180 மில்லி, சாராயத்தின் கலோரியே 425 சுமார். கூடவே கொறித்ததும் கலந்ததும் தனி. இவற்றைச் சேர்த்தால் அந்த நாள் முழுசுக்கும் 4,000 தாண்டுவது நடக்கக்கூடியதுதான். நண்பர் ஒருவேளை அந்த மாதிரி நாளை மனசில் வைத்துப் பேசியிருக்கலாம்.

அடுத்த விருந்துக்கு, ஆடிப் பதினெட்டோ கிடாவெட்டோ எதுவானாலும், இலைக்குப் பக்கத்தில் தராசு வைக்க வேண்டியதில்லை. வீட்டிலோ பக்கத்திலோ விருந்து என்றால் கிளம்பும் முன் எடை பாருங்கள், வந்தவுடன் அதே உடையில், பாத்ரூம் போகும் முன் மறுபடி பாருங்கள். வித்தியாசத்தில் குடித்த தண்ணீரைக் கழியுங்கள், மண்டபத்துச் சின்னப் பாட்டில் என்றால் எத்தனை மில்லி என்று அதன் மேலேயே போட்டிருக்கும். மீதி சாப்பாட்டின் எடை. அசைவ விருந்து என்றால் இரண்டால் பெருக்குங்கள். சாம்பார், ரசம், மோர் என்று போகும் சைவ இலைக்கு ஒன்றரை போதும், ஆனால் இனிப்பு அதிகம் சாப்பிட்டிருந்தால் அதற்கும் இரண்டு. வீட்டு எடை இயந்திரம் 100, 200 கிராம் தப்பும், அதனால் 200 முதல் 400 கலோரி வரை முன்பின் ஆகும். வெயில் காலத்தில் நடுவில் நிறைய வேர்த்திருந்தால் வித்தியாசம் குறைவாகவும் காட்டும். ஆகவே வரும் எண்ணோடு ஒரு 200 சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்காடு வரை போய்விட்டு ராத்திரி திரும்பும் விருந்துக்கு இந்த வழி உதவாது, அத்தனை மணி நேர இடைவெளியில் எடை வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லை.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, 2,700 என்பது இந்த ஆளுக்கு, இந்த இலைக்கு. 55 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் ஒரே தடவை பிரியாணி வாங்கி, இரண்டு பீஸ் சிக்கனோடு எழுந்திருந்தால், ஒரு பங்கும் கொஞ்சமும் சேர்த்து 1,500 என்பதே தாராளமான மேல்வரம்பு. இன்னொன்று, இன்சுலின் போடுகிறவர்கள் இந்த மாதிரி மேல்வரம்பு எண்ணை வைத்து யூனிட் முடிவு செய்யவே கூடாது. உடல் எடைக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக எழுதினால் பெரிய நஷ்டம் இல்லை. ஊசியில் கூடுதலாகப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோய் ஆபத்தாகிவிடும். அவர்களுக்கு மொத்தக் கலோரி தேவையே இல்லை, மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் தேவை. அதை அவர்களுடைய டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

2,700 சரியா என்று பிறகு தெரிந்துகொள்ள முடியுமா என்றால், ஓரளவுக்குத்தான். விருந்து முடிந்த நாலாம் நாளிலிருந்து பத்து நாள் தினமும் காலை எடை எழுதிச் சராசரி பாருங்கள். பழைய வேகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தால் பெரிய தப்பு எதுவும் இல்லை. ஆனால் 2,200ஆ 2,700ஆ என்பதை எந்த எடை இயந்திரமும் சொல்லாது. அந்த 500 கலோரி வித்தியாசம் கொழுப்பில் 65 கிராம்தான், ஒரு டம்ளர் தண்ணீரில் அது மறைந்துவிடும். மாமாவிடமிருந்து எண்ணெய்க் கணக்கு கிடைத்தால் மட்டும் இங்கே எழுதுங்கள். தாளிப்பு எண்ணெய் கிலோ அரிசிக்கு 250 மில்லியைத் தாண்டியிருந்தால், கூடுதலாகப் போன ஒவ்வொரு 50 மில்லிக்கும் உங்கள் ஒன்றரைப் பங்கில் 80 கலோரி கூடும். 300 மில்லி என்றால் 2,780.